இருபத்திரண்டாவது புள்ளி

நிறுவனத்தின் இணையதளத்தில் ஷிபாவின் படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது: "அச்சமற்ற முடிவுகளை எடுப்பவர். நெருக்கடியை உற்சாகமாக மாற்றுபவர். தன் குழுவை எல்லைகளுக்கு அப்பால் அழைத்துச் செல்பவர்." இதே மூன்று வரிகள் அந்தப் பக்கத்தில் இன்னும் நான்கு பேருக்கும் உண்டு. எழுதியவருக்கு நேரம் குறைவாக இருந்திருக்கலாம்.

அச்சமற்ற ஷிபா காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருபவர். வாசலில் போர்வை விற்க வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மூன்று போர்வை வாங்கியவர். நாகர்கோவிலில் போர்வைக்கு என்ன அவசியம் என்று கணவர் ஜெபிஷ் கேட்டதற்கு, "அந்த ஆளு வெயில்ல நின்னாருலா" என்றார். எல்லைகளுக்கு அப்பால் யாரையும் அழைத்துச் செல்ல அவருக்கு விருப்பம் இல்லை. எட்டு வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு, மாவட்ட எல்லைக்கு உள்ளேயே வேலை கிடைத்ததால்தான் போன வருடம் திரும்பி வந்தார்.

செட்டிகுளம் பக்கம், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் அந்த அலுவலகம். ஷிபாவின் குழுவில் ஐந்து பேர். மஸ்கட்டில் ஏழு கிளினிக் நடத்தும் ஒரு குழுமத்துக்கு மென்பொருள் செய்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடி, அடுத்த இரண்டு வாரத்தில் எதையெல்லாம் முடிப்போம் என்று முடிவு செய்வார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஒவ்வொரு வேலைக்கும் அதன் பருமனைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். மூன்று, ஐந்து, எட்டு, பதிமூன்று என்று. ஒரு ஸ்பிரிண்டில் முழுதாக முடிந்த வேலைகளின் புள்ளிக் கூட்டுத்தொகைதான் அந்தக் குழுவின் வேகம். முக்கால்வாசி முடிந்த வேலைக்கு முக்கால்வாசிப் புள்ளி கிடையாது. பூஜ்யம்தான்.

முந்தைய மூன்று ஸ்பிரிண்டிலும் அவர்கள் சொன்னதைச் செய்யவில்லை. முப்பத்துநான்கு என்று சொல்லி இருபத்தெட்டு முடித்தார்கள். முப்பத்தாறு என்று சொல்லிப் பத்தொன்பது. நாற்பது என்று சொல்லி முப்பத்தேழு. மூன்று முறையும் மேலாளர் சிவபிரசாத் "இன்னும் கொஞ்சம் சேத்துக்கலாமா ஷிபா?" என்று கேட்டார், மூன்று முறையும் ஷிபா "பாக்கலாம் சார்" என்றார். மஸ்கட்டில் இந்த வேலைக்குப் பொறுப்பான நவ்ஷாத், எது முதலில் வேண்டும் எது பிறகு வேண்டும் என்று முடிவு செய்பவர், ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். இன்னும் ஒருமுறை சொன்னது வராவிட்டால் வேலை கொச்சியில் வேறு நிறுவனத்துக்குப் போகும். வேலை போனால் குழுவை பெங்களூர் கிளைக்கு மாற்றுவார்கள் என்பது கடிதத்தில் இல்லை. அதைச் சிவபிரசாத் வாயால் சொன்னார். ஜெபிஷ் தக்கலையில் பள்ளிக்கூட வாத்தியார். தக்கலைப் பள்ளிக்கூடத்துக்கு பெங்களூரில் கிளை இல்லை.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை காலை ஒன்பதரைக்குத் திட்டக் கூட்டம். பதினொன்றுக்கு நவ்ஷாத் அழைப்பில் வருவார். ஷிபா அதற்குள் இரண்டு முறை கைகழுவிவிட்டு வந்திருந்தார்.

"எல்லாரும் லீவு சொல்லுங்க."

பெனின் மட்டும் கை தூக்கினான். "ரெண்டு நாளு. தங்கச்சி கல்யாணம்லா அக்கா."

"வேற?"

வேறு யாருக்கும் லீவு இல்லை. பத்து வேலைநாள், ஐந்து பேர், ஐம்பது ஆள்நாள். அதில் இரண்டு போக நாற்பத்தெட்டு. சிவபிரசாத் அதைப் பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் முப்பத்தொன்பது என்றும் எழுதினார். நவ்ஷாத் கேட்டிருந்த ஆறு வேலைகளின் மொத்தப் புள்ளி அது.

"போன தடவ முப்பத்தேழு செஞ்சோம். ரெண்டு புள்ளி கூட. இதுக்குப் போயி என்ன கூட்டம்?"

இந்த இடத்தில்தான் வழக்கமாக "பாக்கலாம் சார்" வரும். ஷிபா அதைச் சொல்லாமல் எழுந்து குழுவில் உள்ள சபிதாவின் மேசைக்குப் போனார். அந்தத் தடுப்புப் பலகையில் அழைப்பிதழ்கள் குத்தப்பட்டிருந்தன. இந்த ஊர் அலுவலகங்களில் லீவுப் பதிவேட்டை ஒரு மரியாதைக்காக வைத்திருக்கிறார்கள். ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்பது அழைப்பிதழ்களில்தான் இருக்கும். ஷிபா எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வந்து மேசையில் பரப்பினார்.

"பெனின், கல்யாணம் அடுத்த வியாழக்கிழம. முந்தின நாளு வீட்டுல பந்தல், சாப்பாடு. ரெண்டு நாளுதான் லீவு போட்டிருக்க. மறுவீட்டுக்கு யாரு போவா?"

"நான்தான் போணும். ஒரே அண்ணன்லா."

"வாடகப் பாத்திரம் யாரு திருப்பிக் குடுப்பா?"

பெனின் யோசித்தான். "அதும் நான்தான்."

"அப்போ நாலு நாளு. கல்யாணத்துக்கு மத்த நாலு பேரும் போவியளா?"

"போவாம?" என்றாள் சபிதா. "அவன் வீட்டுப் பாயசத்துக்குன்னே காத்திருக்கோம்."

"ஆளுக்கு அர நாளு. ரெண்டு." ஷிபா பலகையில் எழுதினார். "அடுத்தது அசனம்."

பெனின், சிஜின், ஜெஸ்பின் மூவரும் ஒரே சபை. திங்கட்கிழமை ஆலயத்தில் அசனம், ஊருக்கே சோறு. அசனத்துக்கு யாரும் லீவு எழுதுவதில்லை. ஆலய வேலைக்கு லீவு கேட்பது என்ன மரியாதை என்று நினைப்பார்கள். மரியாதையாகக் காய் வெட்டப் போய்விடுவார்கள்.

"காலையில ஒரு மணிக்கூறுதான் அக்கா," என்றான் சிஜின். "காய் வெட்டிட்டு ஓடி வந்துருவேன்."

"போன வருஷமும் ஓடிதான் வந்த. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, கையில சாம்பார் மணத்தோட."

எல்லோரும் சிரித்தார்கள், சிஜினும். அசனத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. பூதப்பாண்டியில் சபிதாவின் மாமா கட்டிய புது வீட்டுப் பால்காய்ப்புக்கு ஒரு நாள். ஐம்பதில் மொத்தம் பத்து ஆள்நாள் போயிற்று. பலகையில் நாற்பத்தெட்டை அழித்து நாற்பது என்று எழுதினார். மீதியிருந்த ஒருவன் கிருஷ்ணமணி, சோதனை செய்பவன். தன் பெயரில் ஒரு அழைப்பிதழ்கூட இல்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

சிவபிரசாத் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, நாப்பது நாளு. அஞ்சுல ஒண்ணு குறையுது. முப்பத்தேழுல அஞ்சுல ஒண்ணு கழி. முப்பது வருமே? அதச் சொல்லு."

"முப்பத்தேழு உண்மக் கணக்கு இல்ல சார்." ஷிபா தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "அதுல எட்டு புள்ளி அதுக்கு முந்தின ஸ்பிரிண்ட்ல செஞ்ச வேல. சோதன மட்டும் பாக்கி கெடந்துது. அதனாலதான் அங்க பத்தொம்பது, இங்க முப்பத்தேழு. மூணையும் கூட்டி மூணால வகுத்தா இருபத்தெட்டு. அதுதான் நம்ம வேகம்."

"அப்பமும் இருபத்தெட்டு இருக்குல்லா?"

"அது லெந்து காலத்து வேகம்."

அந்த மூன்று ஸ்பிரிண்டும் தவக்காலம் பிறக்கும் சாம்பல் புதனுக்குப் பிறகு தொடங்கி ஈஸ்டருக்கு முன் முடிந்தவை. அந்த நாட்களில் சபைகளில் கல்யாணம் கிடையாது, விருந்து கிடையாது. ஐம்பது ஆள்நாளும் ஐம்பதாகவே இருந்தன. மாவட்டமே அடங்கியிருந்த நாளில் அளந்த வேகம் அது. ஈஸ்டர் முடிந்தால் நிறுத்திவைத்த கல்யாணமெல்லாம் ஒரே மூச்சில் நடக்கும் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இந்தக் கணக்கைப் போடும்போது மட்டும் அது யாருக்கும் தோன்றவில்லை.

"அம்பது நாளுக்கு இருபத்தெட்டு. நாப்பது நாளுக்கு இருபத்திரண்டு சொச்சம். இருபத்திரண்டு சார்."

"முப்பத்தொம்பது கேட்ட ஆளுட்ட இருபத்திரண்டுன்னு நீயே சொல்லு," என்றார் சிவபிரசாத். "நான் சொல்லமாட்டேன். பெங்களூருல வீடு பாத்து வச்சுக்க."

பதினொன்றுக்கு நவ்ஷாத் திரையில் வந்தார். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், பதினாறு வருடமாக மஸ்கட்டில் இருக்கிறார், பேச்சு மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

"மேடம், முப்பத்தொம்பதும் வருமா?"

ஷிபா மேசைக்குக் கீழே புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். விரல்நுனி வெளுத்திருந்தது.

"வராது. இருபத்திரண்டு வரும்."

நவ்ஷாத் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"மூணு தடவ என்ன ஏமாத்தினிய. நாலாவது தடவ முதல்லயே இல்லங்கிய. இது என்ன தொழிலு மேடம்?"

"மூணு தடவையும் முடியாததைத்தான் சொன்னேன். எம் மேல தப்பு. இது முடியுறது." ஷிபா கணக்கை முழுதாகச் சொன்னார்: இருபத்தெட்டு, நாற்பது ஆள்நாள், அழைப்பிதழ்கள், அசனம்.

"அசனத்துக்கு ஆள் குறையும்னு ஏன் இதுவரைக்கும் ஒரு மனுசன் எனக்குச் சொல்லல்ல?" நவ்ஷாத்தின் கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியது. "நம்ம ஊருல பெருநாளு வந்தா தொறையில ஒரு வள்ளம் எறங்குமா? எனக்குத் தெரியாதா? நான் லெந்துல உள்ள கணக்க வச்சு, புது கிளினிக் தெறக்க மொதலாளிட்ட தேதி குடுத்திட்டேன்."

"தேதிக்கு எது இல்லாம கிளினிக் தெறக்க முடியாது?" என்று கேட்டார் ஷிபா. கேட்ட பிறகுதான் கேட்டது தான் என்று அவருக்கே தெரிந்தது.

நவ்ஷாத் பட்டியலைப் பார்த்தார். முணுமுணுத்தார். நோயாளி நேரம் பதிவு செய்வது வேண்டும், எட்டு. டோக்கன் திரை வேண்டும், ஐந்து. ரசீது வேண்டும், ஐந்து. குறுஞ்செய்தி நினைவூட்டல், மூன்று. இருபத்தொன்று. பதிமூன்று புள்ளிக் காப்பீட்டு அறிக்கையைப் பார்த்து ஒரு பெருமூச்சு. "இது மாசக் கடைசிக்குள்ள வேண்டாம். அடுத்ததுல வை." மருந்து இருப்பு ஐந்தையும் அதனோடு கீழே தள்ளினார். "ஆனா மேடம், இந்த இருபத்தொண்ணுல ஒண்ணு குறஞ்சாலும் நான் கொச்சிக்கு ஃபோன் போடுவேன்."

குழுவிடம் கேட்டார் ஷிபா. நான்கு வேலைகளையும் பிரித்துப் பார்த்து, முடியும் என்றார்கள் ஐந்து பேரும்.

"இன்னும் ஒரு புள்ளி இருக்குல்லா," என்றார் சிவபிரசாத், ஒலியை அணைத்துவிட்டு. "சின்னதா ஏதாவது ஒண்ணு சேத்துக் குடுத்தா அவனும் சந்தோசப்படுவான்."

ஷிபா அவரைப் பார்த்தார். வாய் திறந்தது. உள்ளே அந்தப் பழைய சொல் தயாராக இருந்திருக்க வேண்டும்.

"வேண்டாம் சார்."

அடுத்த இரண்டு வாரமும் அவர் நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. தினமும் பலகையை எண்ணினார். வீட்டிலும் கேஸை இரண்டு முறைக்குப் பதில் நான்கு முறை பார்த்தார். பெனின் தங்கை கல்யாணத்தில் பாயசத்தை வாயில் வைக்காமல் டோக்கன் திரையைப் பற்றி சபிதாவிடம் கேட்டு, "எக்கா, மொதல்ல அத குடிங்க" என்று ஏச்சு வாங்கினார். அசனத்தன்று சிஜின் சொன்னபடி ஒரு மணிநேரத்தில் வரவில்லை. ஐந்து மணிக்கு வந்தான். ஒன்பதாம் நாள் ரசீதில் ஒரு பிழை வந்து, அதைத் திருத்த ஒன்றரை நாள் போயிற்று. காலியாக விட்ட அந்த ஒரு புள்ளியின் இடம் அதற்குத்தான் சரியாக இருந்தது.

பத்தாம் நாள் மாலை நான்கு வேலையும் முடிந்தன. நவ்ஷாத் கொச்சிக்கு ஃபோன் போடவில்லை. குழு செட்டிகுளத்திலேயே இருக்கிறது. இணையதளத்தில் அந்த மூன்று வரிகளும் அப்படியேதான் இருக்கின்றன.

ஷிபா செய்தது இவ்வளவுதான்: முப்பத்தொன்பது கேட்டவரிடம் இருபத்திரண்டு என்று சொன்னார், இருபத்தொன்றை எடுத்தார், ஒன்றைக் காலியாக விட்டார்.