லிஃப்டுக்குள்ளிருந்து வந்த ‘இதை’

பிளாஸ்டிக் உறை கசங்கும் சத்தம் கேட்டால் என் காது இப்போதும் நிமிர்ந்துகொள்கிறது. பஸ்ஸில் யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரிப்பார்கள். நான் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு மூச்சைத் தேடிக்கொண்டிருப்பேன்.

பெங்களூரில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவசர மேசை என்னுடையது. லிஃப்ட் நடுவழியில் நின்றால், உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அழுத்திப் பிடிப்பார். லிஃப்டுக்குள் இருக்கும் சிம் கார்டு எங்கள் நம்பரைக் கூப்பிடும். திரையில் கட்டடத்தின் பெயர் வரும், எந்த லிஃப்ட் என்று வரும். முகம் வராது. குரல் மட்டும், பின்னால் மின்விசிறியின் உறுமல், சில நேரம் அழுகை. இந்த மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. விரல் ஒயர் வழியாக வராது

உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு எல்லாமே கண்ணெதிரே இருக்கிறது. அதனால் எடுத்த எடுப்பில் ‘இது’ என்றுதான் ஆரம்பிப்பார். “இதை அழுத்தவா?” “இது ஏன் எரியுது?” முன்னால் ஒரு வார்த்தை இருக்காது. அவர் விரலால் காட்டுகிறார், நமக்கு விரல் தெரியவில்லை. நாம் பார்க்கவில்லை என்பது பயத்தில் இருக்கும் மனுஷனுக்குத் தோன்றவே தோன்றாது.

மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டார்: “இது விழுந்துடுமா?” பக்கத்து மேசை ஷோபா, லிஃப்ட் அறுந்து விழாது, கயிறு ஒன்றல்ல, பல இருக்கின்றன, வேகம் கூடினால் தானாகப் பிடித்து நிறுத்தும் பிரேக் வேறு இருக்கிறது என்று அன்பாகப் பாடம் நடத்தினாள். எல்லாம் சரியான தகவல். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிம்மா, தலைக்கு மேல லைட்டு மூடி ஒத்தை ஸ்க்ரூல தொங்குதே, இது விழுந்துடுமா?” என்றார்.

சிரித்தோம். சிரிக்கிற மாதிரி முடிந்ததால் சிரித்தோம்.

2. சம்பத்

ஒரு மதியம். கோடை. பெரிய அபார்ட்மென்ட் ஒன்றின் சர்வீஸ் லிஃப்ட், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே நின்றிருந்தது. கரண்ட் போய் நின்றிருந்தால் பேட்டரி அதைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து திறந்துவிடும். இது கதவுப் பூட்டில் பழுது. அப்படியானால் பேட்டரியாலும் அசைக்க முடியாது, ஆள்தான் போக வேண்டும். எங்கள் டெக்னீஷியன் மஞ்சுநாத் அல்சூரிலிருந்து கிளம்பிவிட்டார், டிராஃபிக்கில் இருந்தார்.

கன்னடத்தில் பேர் கேட்டேன். தமிழில் பதில் வந்தது.

“சம்பத் மேடம். ஃபுட் டெலிவரி. நான் மட்டும்தான் உள்ள.”

“பயப்படாதீங்க. ஆள் வந்துட்டிருக்காரு.”

“மேடம்... இதைத் திறக்கலாமா?”

என் நாக்கில் பதில் தயாராக நின்றது. லிஃப்டுக்குள்ளிருந்து ‘திறக்கலாமா’ என்று கேட்டால் அது கதவுதான். இரண்டு மாடிக்கு நடுவே நிற்கும் லிஃப்டின் கதவைப் பிளந்து இறங்கப் பார்த்தவர்கள் கால் தவறிக் கீழே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். திறக்காதீர்கள், தொடாதீர்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம்.

ஆனால் அந்தக் கேள்வியோடு ஒரு சரசரப்பும் வந்தது. பிளாஸ்டிக் கசங்குகிற சத்தம். இரும்புக் கதவு அப்படிச் சத்தம் போடாது. குரலும் எனக்குப் பிடிக்கவில்லை. வார்த்தைகள் ஈரத் துணி மாதிரிக் கனத்துத் தொங்கின.

எதை என்று மட்டும் கேட்டால் “இதைத்தான்” என்பார்கள். மறுபடி அதே இருட்டு. அதனால் நாம்தான் இரண்டு பொருளுக்குப் பேர் வைத்து நீட்ட வேண்டும்.

“சம்பத், நீங்க கேக்கறது லிஃப்ட் கதவா, இல்ல கையில ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

மறுபடி பிளாஸ்டிக் சரசரத்தது.

“கையில... பார்சல்.”

“உள்ள என்ன இருக்கு? பேர் சொல்லுங்க.”

“மோசம்பி ஜூஸ். கஸ்டமரோடது. சீல் வெச்சிருக்கு. எனக்கு சுகர் மேடம். காலைல இன்சுலின் போட்டேன், ஆர்டர் மேல ஆர்டர், சாப்புடல. கை நடுங்குது. வேர்வையா ஊத்துது.”

“அட கடவுளே, எப்பலேருந்து?”

“நின்னதுலேருந்தே. வெளிய செக்யூரிட்டி அண்ணன்கிட்டயும் கன்னடத்துல கேட்டேன், ‘இது தெகீலா’ன்னு. ‘தெகீபேடா, தெகீபேடா’ன்னு கத்தினாரு. சரின்னு உக்காந்துட்டேன்.”

திறக்காதே என்று கத்திய செக்யூரிட்டி மேல் தப்பே இல்லை. மூடிய கதவுக்கு வெளியே நிற்பவருக்குக் கதவுதான் தெரியும். அவர் காதில் விழுந்த கேள்விக்கு அவர் சரியாகப் பதில் சொன்னார். இவனுடைய கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. மடியில் ஜூஸை வைத்துக்கொண்டு இவன் மயங்கிக்கொண்டிருந்தான்.

“சம்பத், கேளுங்க. ஜூஸைத் திறங்க. குடிங்க. கதவைத் தொடாதீங்க. எனக்குத் திருப்பிச் சொல்லுங்க.”

“சீலை உடைச்சா ஐடியை பிளாக் பண்ணிடுவாங்க மேடம். ஏற்கெனவே வார்னிங் இருக்கு. ஜூஸைக் குடிச்சுட்டுக் கதை விடறான்னு சொல்வாங்க.”

“அதை நான் பேசிக்கறேன். உங்க கால் முழுக்க ரெகார்ட் ஆவுது. இப்ப சொல்லுங்க.”

“ஜூஸைத் திறக்கறேன். கதவைத் தொட மாட்டேன்.”

“சுகர் ஃப்ரீன்னு எதுவும் போடலையே?”

“எக்ஸ்ட்ரா ஸ்வீட்டுன்னு பில்லுல இருக்கு.”

“நல்ல கஸ்டமர். உக்காந்துக்கிட்டே மெதுவா குடிங்க.”

சீல் கிழிபட்டது. விழுங்குகிற சத்தம் கேட்டது. என் வேலையில் நான் கேட்ட அழகான சத்தம் அதுதான், தொண்டைக்குள் ஜூஸ் இறங்குகிற அந்தச் சின்ன ‘களக்’. இன்னொரு போனில் செக்யூரிட்டியைப் பிடித்தேன். மஞ்சுநாத் வருமுன் இவன் நினைவு தப்பினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். ஜூஸுக்குச் சொந்தக்கார வீட்டுக்கும் விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். செக்யூரிட்டி பதறிப்போனார். “ஐயோ, நானு கதவுன்னுல்ல நெனைச்சேன்!”

“யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைச்சிருப்பாங்க அண்ணா. நீங்க போனைப் பண்ணுங்க.”

சம்பத்தை விடாமல் பேசவைத்தேன். ஊர் வாணியம்பாடி, குடியிருப்பது மர்பி டவுனில், வண்டிக்கு இன்னும் தவணை போகிறது. வார்த்தைகளுக்கு மெல்ல மெல்ல விளிம்பு திரும்பியது. பிறகு, “ஐஸ் எல்லாம் கரைஞ்சு போச்சு மேடம். இந்த டெலிவரிக்கு நானே ஒரு ஸ்டார்தான் குடுப்பேன்” என்றான். கிண்டல் வந்துவிட்டது. நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

மஞ்சுநாத் வந்து மெயினை அணைத்தார், பிரேக்கைக் கையால் தளர்த்தி லிஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறாவது மாடிக்கு இறக்கினார். தரை நேரானதும் சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

3. அதற்குப் பிறகு

இப்போது எங்கள் மேசையில் வெறும் ‘ஆமா’, வெறும் ‘வேண்டாம்’ கிடையாது. பதிலுக்குள் பொருளின் பேர் இருக்க வேண்டும். கதவைத் திறக்காதீங்க. ஜூஸைத் திறங்க. நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்தப் பேரைக் கேட்டதும் எதிராளியே நம்மைத் திருத்திவிடுவார். மேசைக்கு வரும் ஒவ்வொரு ‘இது’வுக்கும் மறுமுனையில் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும். தோன்றட்டும்.

அன்று கதவு திறந்த பிறகும் லைன் அறுபடவில்லை. சம்பத் பேசினான், இந்த முறை ‘மேடம்’ இல்லை.

“அக்கா, வெளிய வந்துட்டேன். ஒம்பதாவது மாடிதான், படியேறிப் போய் ஜூஸ் ஆர்டர் பண்ண அந்தம்மாகிட்ட நேர்ல சாரி சொல்லிட்டு வந்துடறேன்.”

“படியெல்லாம் ஏறாதீங்க, அங்கயே உக்காருங்க சம்பத். கம்ப்ளைன்ட் எதுவும் இல்லையாம், செக்யூரிட்டி சொன்னாரு. தட்டுல சாப்பாடு போட்டு எடுத்துக்கிட்டு அவங்களே இறங்கி வர்றாங்க.”