நீல டெல்மோவுக்கு ஒரு தலைப்பு

பழைய கார் விற்கும் யார்டில் நான் சீட் துடைக்கிறேன். கார்களுக்கு இணையத்தில் விளம்பரம் போடுகிறவருக்கு அங்கே வாத்தியார் என்று பெயர். பாடம் நடத்தியதில்லை, கையெழுத்து அழகாக இருக்கும், அவ்வளவுதான். மனைவி தவறிப்போய் ஆறு வருஷம். மகள் எங்கோ தூரத்தில். வருகிற போன்களில் பேசுவதுதான் அவருக்கு நாள் முழுக்கப் பேச்சு.

யார்டில் நின்ற நீல டெல்மோ காருக்கு மட்டும் பதினோரு நாளாக ஒரு போன்கூட வரவில்லை.

"வாத்தியாரே, கார் விக்கிறீங்களா, கவிதை எழுதுறீங்களா? சனிக்கிழமைக்குள்ள ஒருத்தரும் கூப்பிடலன்னா, திங்கள்லேர்ந்து விளம்பரத்தை நானே போட்டுக்கறேன்" என்றார் முதலாளி.

வாத்தியார் சிரித்தார். மேஜையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேஜைதான்.

வியாழக்கிழமை ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து வேறு காரைப் பார்த்தார்கள். பிடிக்கவில்லை. நிழலில் நின்று போனில் தேடினார்கள். நான் பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் டெல்மோ என்று அடித்தாள், 2016 என்று வருஷம் வைத்தாள், பெட்ரோல் என்று தொட்டாள்.

"இந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்லைங்க."

நீல டெல்மோ அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. சொல்லலாமா என்று நான் துணியைப் பிழிந்தேன். அதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

சாயங்காலம் நடந்ததை வாத்தியாரிடம் எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் தன் விளம்பரத்தைத் திறந்தார். தலைப்பு: 'குடும்பத்துக்கு ஏற்ற அழகான நீலக் கார், விடாதீர்கள்!' மாடல் கேட்ட கட்டத்தில் 'மற்றவை' என்று இருந்தது.

"டெல்மோன்னு தொட்டா உடனே எந்த ரகம்னு கேட்டுச்சும்மா. தெரியல. தப்பா போடுறதுக்கு இது மேல்னு நெனச்சேன்."

"வருஷம் எங்கண்ணே?"

"கடைசி வரியில, சேர்ந்தாப்ல எழுதியிருக்கேனே."

"கட்டத்துல தொட்டுத் தேடுறவங்க கண்ணுல கடைசி வரி எப்படிண்ணே படும்?"

ஆர்சி புத்தகத்தை எடுத்தார். ரகமும் வருஷமும் அதிலேயே இருந்தன. கட்டங்களைச் சரியாக நிரப்பினார். தலைப்பை மாற்றினார்: 'டெல்மோ LX 2016 பெட்ரோல், 62,000 கி.மீ., இரண்டாவது ஓனர்.' கீழே டயர், இன்சூரன்ஸ் விவரம். இடது கதவைப் பற்றி எழுத வந்ததும் நிறுத்திவிட்டார்.

"மறுபெயின்ட் அடிச்சதை எழுதணுமா?"

"வர்றவங்க விரலால தடவித்தான் பார்ப்பாங்க. அப்ப தெரிஞ்சா திரும்பிப் போயிடுவாங்கண்ணே."

எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஏழு போன். ஒவ்வொன்றையும் பாய்ந்து எடுத்தார். "வணக்கம், சொல்லுங்க, எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க?" என்று ஆரம்பிப்பார். எதிர்முனையில் இரண்டே கேள்வி: வண்டி இருக்கா? எப்ப வரலாம்? மற்றதெல்லாம் விளம்பரத்திலேயே படித்துவிட்டார்கள். அவர் மேற்கொண்டு வாயெடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிடும்.

சனிக்கிழமை வந்தவர் கதவைத் தடவினார். "எழுதின மாதிரியேதான் இருக்கு" என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி வாத்தியார் தோளைத் தட்டி, மீதிக் கார்களுக்கும் இப்படியே போடச் சொன்னார்.

வாத்தியாரின் வேலை பிழைத்தது. பேச்சுக்குத்தான் ஆளில்லை; போன் மேஜையில் சும்மா கிடந்தது.

நான் வாளியைக் கவிழ்க்கும்போது வாத்தியார் கூப்பிட்டார். அடுத்து விளம்பரம் போடவேண்டிய வெள்ளைக் காரின் ஜன்னலோரம் நோட்டுடன் நின்றிருந்தார்.

"உள்ள உக்காந்து எத்தனை கிலோமீட்டர்னு படிம்மா."

அவர் நின்ற இடத்திலிருந்தே எண் தெரியும். நான் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாக, மெதுவாகப் படித்தேன்.