பத்திரச் செலவு என்னுடையது என்று சொன்ன வாய்

அந்த வருடங்களில் நான் வெளிநாட்டில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சமையல்கூடத்தில் வேலை பார்த்தேன். விமானத்தில் தருகிற தட்டில் ஒரு ரொட்டி, ஒரு வெண்ணெய், ஒரு கரண்டி வைப்பது என் பொறுப்பு. தலையில் வலைத்தொப்பி. இந்தக் கோலத்தில் இருப்பவனைப் பார்த்தால் சென்னையில் ஒரு வீட்டின் உரிமையாளர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வங்கி மட்டும் நம்பியது. கடன் கொடுத்திருந்தது.

வீட்டின் தரைத்தளம் ஐந்து மாதமாகக் காலி. அந்த வாடகையில்தான் தவணை போய்க்கொண்டிருந்தது. வாடகை நின்ற பிறகு தவணை என் ரொட்டியிலிருந்தும் வெண்ணெயிலிருந்தும் போனது. ஆகவே ஒரு பல் மருத்துவர் அங்கே கிளினிக் வைக்கக் கேட்கிறார் என்று மைத்துனன் சொன்னபோது, முகம் பார்க்காமலே அவரைக் குலதெய்வமாக ஏற்றுக்கொண்டேன். டெப்பனர் என்கிற தெருமுனைக் கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி நானே அவரிடம் பேசினேன். எங்கே நழுவிவிடுவாரோ என்ற பயத்தில், கேட்காத சலுகைகளை வாரி வழங்கினேன். சுவருக்குப் பெயின்ட் என்னுடையது. மோட்டார் ரிப்பேர் என்னுடையது. கடைசியாக, "பத்திரச் செலவும் என்னுதுங்க, டாக்டர்."

அந்த நேரத்தில் என் மண்டைக்குள் இருந்தது இருபது ரூபாய் முத்திரைத்தாள். முன்பிருந்த குடும்பத்தோடு பதினோரு மாதத்துக்கு ஒரு தாள், அது முடிந்தால் இன்னொரு தாள். பதிவு அலுவலகத்தின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. வள்ளல் வேஷம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது போடாமல் இருப்பேனா?

இரண்டு நாள் கழித்து, வேலைக்குக் கிளம்புகிற காலை நேரத்தில் மைத்துனன் கூப்பிட்டான். போன தடவை ஊருக்குப் போனபோது அவனுக்குத்தான் பவர் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தேன்.

"மாமா, டாக்டரம்மா மூணு வருஷத்துக்குக் கேக்கறாங்க. மிஷின் வாங்க பேங்க்ல லோன் போடறாங்களாம். பதினோரு மாசப் பேப்பர் செல்லாதாம், பதிஞ்ச பத்திரம் வேணுமாம்."

"பதிஞ்சுக்கோ. என்ன இப்ப?"

"ஒரு வருஷத்துக்கு மேல போனா கட்டாயம் பதியணும் மாமா. இருபது ரூபா தாள் இல்ல. மூணு வருஷ வாடகை, அட்வான்ஸ் எல்லாத்தையும் சேத்து அதுமேல சதவீதமா முத்திரைத்தீர்வை. பதிவுக் கட்டணம் தனி. செலவெல்லாம் நீங்கதான்னு சொன்னீங்களாமே?"

பேருந்தில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். விரல்கள் போதவில்லை. கையுறையைக் கழற்றி மறுபடி எண்ணினாலும் போதவில்லை.

அன்று மின்னஞ்சலில் வரைவு வந்தது. பத்திரம் எழுதுபவர் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட்டு ஒரே ஒரு இடத்தைக் காலியாக விட்டிருந்தார்: "முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் ........ செலுத்த வேண்டும்." அந்தப் புள்ளிகள் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டின. "உரிமையாளர்" என்று எழுதினால் தவணை போச்சு. "வாடகைதாரர்" என்று எழுதினால் டாக்டர் போச்சு, அத்தோடு என் வாயின் மரியாதையும் போச்சு.

பயந்தவன் செய்வதைச் செய்தேன். நீளமாக எழுதினேன். "மேற்படி செலவுகள் சட்டப்படியும் நடைமுறைப்படியும் இருதரப்பும் அவ்வப்போது பேசித் தீர்மானிக்கும் விகிதப்படியும்" என்று தொடங்கிப் பதினான்கு வரி. யார் கட்டுவது என்பதை அதற்குள் நானே தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்திகூட. அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பதில். "இதப் படிச்சிட்டு டாக்டரம்மாவோட அப்பா வேற இடம் பாக்கலாம்னு சொல்லிட்டாராம் மாமா. வெள்ளிக்கிழமைக்குள்ள தெளிவா எழுதித் தரலன்னா வேண்டாமாம்."

என்னோடு தட்டு அடுக்கிய யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், ஊரில் உறுதிப்பத்திரம் முடிக்கிற நொத்தாரிசு ஒருவரிடம் எழுத்தராக இருந்தவர். இடைவேளையில் என் பதினான்கு வரியை அச்சிட்ட தாளை நீட்டினேன். தேநீர் ஆறும்வரை படித்தார்.

"அண்ணை, இது பந்தியோ, மன்னிப்புக் கடிதமோ?" பத்தியைத்தான் அவர் பந்தி என்பார்.

"ஏன், சட்டப்படின்னு எழுதியிருக்கேனே?"

"எந்தச் சட்டம்? உங்கட ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது. எழுதினவரைக் கேளுங்கோ. ஆனா ஒண்டு சொல்லுறன். ஒரு செலவுக்கு ஒரு ஆளின்ர பேரைப் போடுங்கோ. ரெண்டு பேரின்ர பேரைப் போட்டா ஒருத்தரும் கட்டமாட்டினம்."

"நான் கட்டறேன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."

"ஓம், அதுதான் வருத்தம். பிழை பந்தியிலை இல்லை, வாயிலைதான். அந்த மனுசியோட நேர கதையுங்கோ. பேந்து எழுதுங்கோ."

வியாழன் விடிகாலை இன்னொரு அட்டையைச் சுரண்டினேன். மைத்துனன் பத்திரம் எழுதுபவரிடம் போனைக் கொடுத்தான்.

"சார், ஒண்ணுமே எழுதலன்னா வாடகைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை வாடகைக்கு வர்றவங்க மேலதான். முத்திரைச் சட்டத்துலயே இருக்கு. ரெண்டாவது பிரதி போட்டா அதுக்குண்டான முத்திரை உங்க மேல. மாத்தி எழுதிக்கிட்டா எழுதினபடி."

"பதிவுக் கட்டணம்?"

"அத அந்தச் சட்டம் சொல்லல. பத்திரத்தை நீட்டும்போதே கட்டியாகணும். யார் காசுன்னு சப்-ரெஜிஸ்ட்ரார் கேக்க மாட்டார். அதனாலதான் இடம் விட்டேன். நீங்க பதினாலு வரி அனுப்பிட்டீங்க."

டாக்டரைக் கூப்பிட்டேன். இருபது ரூபாய்த் தாளை நினைத்து வாயை விட்ட கதையை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் களைப்பு. மூன்று மாதமாக இடம் தேடியவர்.

"சார், பேங்க்ல அசல் பத்திரம் கேக்கறாங்க. அசல் என்கிட்டதான் இருக்கப் போகுது. அதுக்கு முத்திரை நான் கட்டறது நியாயம்தான். ஆனா சொன்ன வார்த்தை சொன்னதுதான். பதிவுக் கட்டணம் நீங்க."

"என் பிரதி?"

"அதுவும் நீங்கதான். வாயைத் திறங்க, வலிக்காதுன்னு நான் தினமும் பத்துப் பேருக்குச் சொல்றேன். ஆனா சொல்லிட்டு மாறுறதில்ல."

சரி என்றேன். நான் பார்த்திராத அவருடைய கிளினிக் நாற்காலியில், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

புள்ளியிட்ட இடத்துக்குக் கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "இவ்வொப்பந்தத்தின் அசலுக்கான முத்திரைத்தீர்வையை வாடகைதாரர் செலுத்துவார். அசலின் பதிவுக் கட்டணத்தையும், உரிமையாளர் வைத்துக்கொள்ளும் இரண்டாம் பிரதிக்கான முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் உரிமையாளர் செலுத்துவார். அசலுக்கு முத்திரை குறைவென்று பின்னர் தெரியவந்தால், அக்குறைவையும் அபராதத்தையும் இருவரும் சரிபாதியாக ஏற்பார்கள்." கடைசி வாக்கியம் டாக்டரின் அப்பா கேட்டது. மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. அட்டையிலும் நிமிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை மைத்துனன் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்துவிட்டுச் செய்தி அனுப்பினான். அடுத்த மாதம் வாடகை வந்தது. வந்ததும், நான் கட்டிய பதிவுக் கட்டணத்தையும் பிரதி, பெயின்ட், மோட்டார் செலவையும் நிரப்பவே முதல் வாடகை சரியாகப் போனது. தவணை அந்த மாதமும் வெண்ணெயிலிருந்துதான்.

யாழ்ப்பாணத்துக்காரர் கேட்டார். "என்ன அண்ணை, டொக்டர் வந்தாச்சோ?"

"வந்தாச்சு. பல்லும் பிடுங்கியாச்சு."

"ஆரின்ர பல்லு?"

ரொட்டிக்குப் பக்கத்தில் வெண்ணெயை வைத்துவிட்டு அடுத்த தட்டை இழுத்தேன்.