ஒரு மைனஸ் குறி

ராஜபாளையத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலை பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில். பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயரும்தான் என் படிப்பு. ஒரு பத்திரிகையோடு இனாமாக வந்த சிடியில் பைத்தான் என்ற புரோகிராம் மொழி இருந்தது. அதைத் தட்டுத்தடுமாறி நானே கற்றுக்கொண்டேன். பகவான் கிருபை. சென்டரில் புரோகிராம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற பெருமை, தளவாய்புரத்திலிருந்து பி.எஸ்சி. முடித்த அந்தப் பெண் வந்து சேரும்வரை இருந்தது.

வந்த இரண்டாவது வாரமே முதலாளி அவளிடம், "நீயும் ஒரு பார்வை பாத்துரும்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். என் வேலையை அவள் பார்க்க வேண்டுமாம். தினமும் காலையில் நாச்சியாரைச் சேவித்துவிட்டுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறுவேன். ஏறி உட்கார்ந்ததும் அவள் நினைப்புதான் வரும், இன்றைக்கு என்ன தப்புக் கண்டுபிடிப்பாளோ என்று.

அந்த மார்கழியில் எங்கள் தெருவில் கோலப்போட்டி. முதல் பரிசு முழ உயரக் குத்துவிளக்கு. மதிப்பெண் பட்டியல் போடும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் வாங்கினால், முதலில் வந்து பேர் கொடுத்தவருக்குத்தான் மேல் இடம். குளிரில் எழுந்து வந்ததற்கு ஒரு மரியாதை.

பெயருக்கு எதிரே மதிப்பெண் என்று ஒரு டிக்ஷனரியில் ஏற்றினேன். பெயரைக் கேட்டால் மதிப்பெண்ணைத் தரும், ஆனால் எதை முதலில் ஏற்றினோம் என்பதை அந்தக் காலத்துப் பைத்தான் டிக்ஷனரி நினைவில் வைக்காது. அச்சடித்துப் பார்த்தால் பெயர்கள் கலைந்து வரும். அது எனக்குத் தெரியும். அதனால் நோட்டில் பேர் கொடுத்த வரிசை எண்ணையும் சேர்த்து, மதிப்பெண், எண், பெயர் என்று மும்மூன்றாகக் கோத்து ஒரு லிஸ்ட் ஆக்கினேன். சார்ட் என்ற வரிசைப்படுத்தும் கட்டளை கொடுத்தால் சிறியது முன்னால் வரும்; மதிப்பெண் சமமானால் அடுத்து எண்ணைப் பார்க்கும். பெரிய மதிப்பெண் மேலே வர வேண்டுமே, அதனால் கடைசியில் மொத்தத்தையும் தலைகீழாக்க ஒரு ரிவர்ஸ்.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"அண்ணே, ரிவர்ஸ் குடுத்தா மார்க்கு மட்டுமா திரும்பும்? சமமா இருக்கவுக நம்பரும்லா தலைகீழா ஆயிரும். மார்க்குக்கு முன்னாடி ஒரு மைனஸ் போட்டுச் சார்ட் பண்ணுங்க, ரிவர்ஸே வேண்டாம்."

"நேத்து வந்துட்டு எனக்குப் பாடம் எடுக்கியாக்கும்? போயி பிரிண்டருக்குப் பேப்பர் வை, போ."

ஐந்து பெயரை வைத்துச் சோதித்தேன். சரியாக வந்தது. ஐந்து பேருக்கும் வேறு வேறு மதிப்பெண் போட்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் அவள் சொன்னதைச் செய்திருப்பேனா தெரியாது.

சனிக்கிழமை விடியலில் போட்டி நடந்தது; அன்றே மதிப்பெண்களை ஏற்றி அச்சடித்து, ஞாயிறு காலை தேரடியில் பட்டியலை ஒட்டினேன். முதல் இடத்தில் முப்பத்தொன்றாம் எண். அதே எண்பத்தாறு மதிப்பெண்ணோடு அடுத்த வரியில் நாலாம் எண். நாலாம் எண்காரர் சுந்தரபாண்டியத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அம்மா. விரலில் முந்தின நாள் கோலமாவு இன்னும் போகவில்லை.

"ஏம்ப்பா, நான் இருட்டுலயே வந்து பேரு குடுத்தேன். அந்தப் பிள்ள விடிஞ்ச பொறவுல்லா வந்துச்சு. அவ எப்படி எனக்கு மேல ஏறுனா?"

"கம்ப்யூட்டர் போட்டதும்மா, தப்பாகாது" என்றேன்.

"அப்ப ஒங்க கம்ப்யூட்டரு லேட்டா எந்திரிச்சிருக்கும்" என்றார் அவர். கூட்டம் சிரித்தது.

விளக்குக் கொடுப்பது மாலை ஐந்து மணிக்கு. ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். நாலும் முப்பத்தொன்றும் சார்ட்டில் ஒழுங்காகத்தான் நின்றிருக்கும், என் ரிவர்ஸ்தான் அவற்றைப் புரட்டிவிட்டது என்று பாதி வழியிலேயே விளங்கிவிட்டது. விளங்கியதைவிட, அவள் பார்த்தவுடனே கண்டுபிடித்தாளே என்பதுதான் எரிந்தது.

அவள் இருந்தாள். நான் மதிப்பெண்ணுக்கு முன்னால் மைனஸ் போட்டேன், ரிவர்ஸ் வரியை அழித்தேன், அச்சடிக்கும்போது மைனஸை எடுத்துவிட்டேன். மைனஸ் எண்பத்தாறு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அடுத்து எண்ணைப் பார்த்தது, நாலு மேலே வந்தது.

அந்நேரம் முதலாளி வந்தார். யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள்.

"என்னப்பா, ஏதோ தப்புன்னாவ? சரியாயிருச்சா? நீயே கண்டுபிடிச்சியா?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

அவள் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தாள். பிறகு பிரிண்டர் தாளின் ஓரத்து ஓட்டைக் கீற்றைக் கிழித்து, பட்டியலை மடித்து என் கையில் கொடுத்தாள். "அஞ்சு மணிக்குள்ள போயிருவீங்கல்லா அண்ணே? அந்த அம்மா காத்திருப்பாவ."

போய்ச் சேர்ந்தேன். சுந்தரபாண்டியத்து அம்மா விளக்கை இடுப்பில் குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு போனார். பட்டியல் ஒட்டும் அவசரத்தில் காலையில் விட்டுப்போன சேவிப்புக்காகக் கோயிலுக்குப் போனேன், ஆனால் நாச்சியார் சன்னதிக்குள் போகவில்லை. வெளியே செருப்பைக் கழற்றினேன், செத்த நேரம் நின்றேன், திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.