திறக்கப்படாத விலைப்புள்ளி

அரசு விடுதிப் பள்ளிகளுக்குச் சீருடை வழங்கும் டெண்டரில் என் மகன் பங்கெடுத்தது, அவன் இறப்பதற்கு முந்தைய வாரம். நகரியில் அவனுக்கு ஒரு தையல் கூடம் இருந்தது. துணிக்கு ஆய்வகச் சான்று பெற்று, வரியும் வண்டி வாடகையும் அடங்க ஒரு செட்டுக்கு ஒரே விலை குறித்திருந்தான். பள்ளி திறக்கும் முன் ஒவ்வொரு மண்டலத்துக்கும் கொண்டு சேர்ப்பதாகவும், தாமதித்தால் வாரந்தோறும் அபராதம் பிடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதிக் கொடுத்திருந்தான். லாபம் சொற்பம், கூடத்துப் பெண்களுக்கு வேலை நிற்கக் கூடாது என்பதுதான் அவன் நோக்கம்.

நான் திருப்பதியில் சட்டம் கற்பித்தவன். விலை கூறியவர் இறந்த செய்தி, ஏற்பவருக்கு ஏற்கும் முன் தெரிந்தால் அந்த விலைப்புள்ளி ரத்து. தெரியாமல் ஏற்றுவிட்டால் செல்லும். கூடம் அவன் ஒருவன் பெயரில்தான் இருந்தது. யாரும் கேட்காதவரை வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்து, விலை திறக்கும் நாளில் சித்தூர் அலுவலகத்துக்குப் போனேன்.

"ஓனரு வரலையா சார்?" என்றார் பெண் அதிகாரி.

"நான் அவன் அப்பா."

அவர் தலையசைத்துக் கணினிப் பக்கம் திரும்பினார். புத்தூரிலிருந்து வந்திருந்த போட்டிக்காரர் தம் செல்போனை அவர்முன் நீட்டினார். பதினைந்து நாள் முன்பு என் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்.

"ஓனரு எங்க மேடம் வருவாரு? இத கொஞ்சம் பாருங்க."

திரையில், நகரி ஸ்டேஷன் சாலையில் கூடத்துப் பெண்கள் காசு போட்டுக் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர். மகனின் படம், கூடத்தின் பெயர், கொட்டை எழுத்தில் 'உரிமையாளர்'.

"இவர் உங்க பையனா சார்?"

"ஆமாம்."

"சாரி சார். முன்னாடியே சொல்லியிருக்கணும் நீங்க."

அவன் விலையைத் திறக்காமலே அடுத்த பெயருக்குப் போனார்கள். அன்று ஏற்கப்பட்டது புத்தூர்க்காரரின் விலை.

வராந்தாவில் அவர் என் தோளைத் தொட்டார். "மனசுல வச்சிக்காத சார். அந்த பேனருக்கு நானும் துட்டு குட்த்தேன். கீழ மூலையில என் போட்டோ கீது பாரு. ஓனருன்னு பெரிசா போடச் சொன்னதே நான்தான்."

நகரப் போனேன், அவர் விடவில்லை.

"பொம்பளைங்கள அனுப்பு, வேல குடுக்கறேன். உன் பையன் குடுத்த கூலி எனக்குக் கட்டாது. கொறச்சித்தான் குடுப்பேன். வேணாம்னா சும்மா குந்திக்கினு இருக்கட்டும்."

டெண்டரோடு மகன் கொடுத்திருந்த மாதிரிச் சட்டையைத் திரும்பக் கேட்கலாம் என்று எழுத்தரிடம் போனேன்.

"பார்ட்டி கையெழுத்து இல்லாம சாம்பிள் தர முடியாது சார். வாரிசு சர்டிபிகேட் எடுத்துக்கினு வாங்க."

விதி அப்படித்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. பீரோவின் கண்ணாடிக்குப் பின்னால், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் அளவில் அந்தச் சட்டை தொங்கியது. பொத்தானில் கட்டியிருந்த அட்டையில் அவன் கையெழுத்து. எழுத்தருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வாரிசுச் சான்று எந்த அலுவலகத்தில் தருவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.