இரண்டு பக்கமும் பேசிய கௌமுதிபென்

மஹுவா என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜனவரிக்காகக் காத்திருந்ததே ஒரு சண்டையைப் பார்க்கத்தான். பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பதினொன்றில் சயின்ஸ் எடுப்பதா காமர்ஸ் எடுப்பதா என்று விளக்கக் கூட்டம் நடக்கும். சயின்ஸுக்காகப் பௌதிக ஆசிரியர் நிரஞ்சன்பாய் ஓஜா பேசுவார். காமர்ஸுக்காகக் கணக்கியல் ஆசிரியை கௌமுதிபென் ஓஜா பேசுவாள். இருவரும் கணவன் மனைவி.

பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோரும் 'பாய்', அதாவது அண்ணன்; ஆசிரியைகள் எல்லோரும் 'பென்', அதாவது அக்கா. மேடையில் நிரஞ்சன்பாய் தன் பெண்டாட்டியை அக்கா என்று கூப்பிட்டவுடனேயே கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

"கௌமுதிபென், நல்லாப் படிக்கிற பிள்ளைங்களைக் கடையில உக்கார வைக்கப் பாக்குறீங்களே, நியாயமா?"

"கடையில உக்காந்தவன்தான் சார் உங்க இன்ஜினியருக்குச் சம்பளம் போடுறான்."

"அந்தக் கடைக்கு லைட் போட்டது யாரு?"

"அந்த லைட்டுக்கு பில் கட்டுறது யாரு?"

இப்படியே போகும். சிரித்துக்கொண்டே பிள்ளைகள் விஷயத்தையும் வாங்கிக்கொள்வார்கள். வீட்டிலும் அந்தச் சண்டை ஓயாது. பிள்ளையில்லாத வீடு. ராத்திரி கம்பு ரொட்லாவைப் பிட்டு, 'கடி' என்கிற மோர்க்குழம்பில் தோய்த்தபடி, எந்தப் பிள்ளை யார் பக்கம் வரும் என்று இருவரும் பந்தயம் கட்டி வாக்குவாதம் செய்வார்கள்.

அந்த வருஷம் வாக்குவாதம் பத்தாம் வகுப்பில் இருந்த ரிங்கல் என்ற பெண்ணைப் பற்றி. அப்பா வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நிரஞ்சன்பாய்க்கு அவள் படிப்பின்மேல் தனி அக்கறை. மேல்வகுப்புப் பிள்ளைகளின் ஆய்வகத்தில் அவளை மட்டும் ஓரமாக நின்று பார்க்க விடுவார்.

"அவ என் பொண்ணு கௌமுதி. நீ அவ பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதே."

"அவ கணக்கு போடுற வேகத்தைப் பாத்தீங்களா? ஜூன்ல தெரியும், யார் பொண்ணுன்னு."

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் நிரஞ்சன்பாய்க்கு நெஞ்சு வலித்தது. வாயுப் பிடிப்பு என்று ஓமம் மென்றார். பிறகு வேர்த்துக் கொட்டியது. பாவ்நகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியில் தளாஜா ஊரைத் தாண்டும்வரை அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு அவள்தான் அவர் கையைப் பிடித்திருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் கௌமுதிபென் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்தால் என்ன செய்வது? ஜனவரி வந்தபோது தலைமையாசிரியர் துஷ்யந்த்பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இந்த வருஷம் வேணும்னா நீங்க பேச வேணாம் பென்."

"பேசுறேன் சார். பிள்ளைங்களுக்கு யாராவது சொல்லணுமில்ல."

சயின்ஸ் பக்கம் பேச, நிரஞ்சன்பாய் இடத்துக்கு வந்திருந்த பார்த்திவ் என்ற இளைஞரை நிறுத்தினார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மைக்கைப் பிடித்ததும், "எண்பதுக்கு மேல எடுக்கறவங்க யோசிக்கவே வேணாம், சயின்ஸ். மத்தவங்க காமர்ஸ் எடுங்க, பாரம் இருக்காது" என்று போட்டு உடைத்துவிட்டார். பின் வரிசைகளில் தலைகள் குனிந்தன. முன் வரிசையில் ஒருவன் திரும்பி நண்பனைப் பார்த்து இளித்தான்.

கௌமுதிபென் எழுந்து மைக்குக்கு வந்தாள்.

"சயின்ஸ் பக்கம் இன்னும் பேசி முடியல. ஓஜா சார் பேசுறதை நான் சொல்றேன். எனக்கு மனப்பாடம்."

சொன்னாள். ஏ குரூப் என்றால் கணக்கு, பி குரூப் என்றால் உயிரியல். பத்தாவதில் எளிய கணக்குத் தாள் எடுத்தவர்கள் ஏ குரூப்புக்குப் போக முடியாது. இன்ஜினியரும் டாக்டரும் ஆக வேண்டுமானால் இந்த வழிதான். பன்னிரண்டில் சயின்ஸ் முடித்தவன் பிறகு பி.காம். சேரலாம், காமர்ஸ் முடித்தவன் டாக்டராக முடியாது, அது உண்மை. "ஆனா, கதவு திறந்திருக்குங்கறதுக்காக மட்டும் ஒரு வீட்டுக்குள்ள போகாதே. உள்ளே உனக்கு என்ன வேலைன்னு கேட்டுட்டுப் போ." அவருடைய வாக்கியம், அவருடைய நிறுத்தம். பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் பேசினால் சிரிக்கிற அதே இடத்தில்.

பிறகு தன் பக்கத்துக்கு வந்தாள். "காமர்ஸ்ல பாரம் இல்லைன்னு யாரும் நினைக்காதீங்க. கணக்கியல், புள்ளியியல், பொருளாதாரம், எல்லாத்துக்கும் மூளை வேணும். சி.ஏ. நுழைவுத் தேர்வைப் பன்னண்டாவது முடிச்ச யாரும் எழுதலாம். ஆனா எழுதினவங்களைக் கேட்டுப் பாருங்க, சுலபமான்னு. மார்க் குறைஞ்சவனை உக்கார வைக்கிற திண்ணையில்ல இது. கடைசியில கடையில உக்காந்தவன்தான்..."

அந்த இடத்தில் நிறுத்தினாள். இத்தனை வருஷமாக அங்கேதான் இடது பக்கத்திலிருந்து அவர் குரல் குறுக்கே விழும். நாக்கு தானாக நின்றுவிட்டது. பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தார்கள். மேற்கொண்டு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் எதிர்ப்பேச்சு வராமல் அந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை.

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. பார்த்திவ் பின்னாலேயே வந்து, "தப்பாப் பேசிட்டேன் பென், மன்னிச்சுருங்க" என்றார். "அவர் இருந்திருந்தா உங்களை ஒரு வழி பண்ணியிருப்பார்" என்றாள் அவள். திட்டுகிற குரலில் இல்லை.

பள்ளியிலேயே முதலாவதாக வந்த ரிங்கல், ஜூனில் மதிப்பெண் பட்டியலோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பென், நான் காமர்ஸ் எடுக்கிறேன்."

"ஏன்டி? வீட்டுல ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல பென். அப்பா உன் இஷ்டம்னுட்டார்."

"பின்னே? உனக்குப் பௌதிகம்னா உயிராச்சே."

"உயிர்தான். ஆனா சார் சொல்லிக்குடுத்ததாலதான் பிடிச்சுதோ என்னவோ. இப்போ புஸ்தகத்தைத் திறந்தா அவர் குரல்லயே கேக்குது. படிக்க முடியல பென்."

கௌமுதிபென் அவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனாள். அவர் சார்பில் வாதாட வேண்டியது தன் கடமை என்று நினைத்தாள். "பாரு, பார்த்திவ் சார் நல்லாச் சொல்லிக் குடுக்கறார். ரெண்டு மாசத்துல பழகிடும். அவசரப்பட்டு முடிவு பண்ணாதே. சயின்ஸ்லேருந்து காமர்ஸுக்குப் போகலாம், அங்கேயிருந்து இங்கே வர முடியாது." எல்லாம் சரியான வார்த்தைகள். ரிங்கல் வாசற்படியைத் தாண்டவே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். கௌமுதிபென்னாலும் அதற்குமேல் உள்ளே போக முடியவில்லை.

"நீ வீட்டுக்குப் போ. ஒரு வாரம் யோசி."

ஒரு வாரம் கழித்தும் ரிங்கல் அதையே சொன்னாள். சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி கௌமுதிபென் ரொட்லா தட்டி, ஒன்றைத் தின்றுவிட்டு எழுந்தாள். பந்தயத்தில் ஜெயித்தாயிற்று. சொல்லிச் சீண்டுவதற்கு எதிரே ஆளில்லை. "இப்படியா ஜெயிக்க விடுவீங்க?" என்று சுவரைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டாள்.

வகுப்பு தொடங்கியது. முதல் பாடம் வரவு, பற்று. எந்தப் பிள்ளைக்கும் முதல் நாளில் அது குழம்பும். ரிங்கலுக்குக் குழம்பவில்லை. கேள்வி முடியுமுன் கையைத் தூக்கினாள்; சரியாகச் சொன்னாள்; அடுத்ததையும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பிள்ளை அந்த வகுப்புக்கு வந்ததில்லை.

"சரி" என்றாள் கௌமுதிபென். கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டு, கண் காய்கிறவரை, தேவையில்லாத கோடுகளைப் போட்டுக்கொண்டே நின்றாள்.