எதிர்க் கதிரையில் ஒரு நீலம்

ஸ்டுட்கார்ட்டில் தனியறையில் இருந்து வடிவமைப்பு வேலை செய்கிறேன். ஒரு சேலைக்கடையின் விளம்பர மடிப்பிதழுக்காக, கடும் நீலச் சேலையொன்றை இரவல் வாங்கி எதிர்க் கதிரையில் மூன்று கிழமை விரித்து வைத்திருந்தேன். கணினித் திரை நிறத்தை அச்சு நிறத்துக்கு மாற்றியதும் அந்த நீலம் ஊதாவாகிவிட்டது. அச்சகம் தன் தாளுக்கென்று தந்த நிற அமைப்புக் கோப்பைக் கணினியில் போட்டு, மஜெந்தா என்ற செந்நிற மையை மெல்ல மெல்லக் குறைத்தேன். மூன்றாவது மாதிரித்தாள் சன்னல் வெளிச்சத்தில் சேலையோடு ஒத்துப்போனது.

அச்சான இதழ்களோடு சேலையையும் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்கார அக்கா, நான் முன்பு அனுப்பிய படத்தைத் தன் கைப்பேசியில் திறந்து இதழின் பக்கத்தில் பிடித்தார்.

"போன்ல இன்னும் பளிச்செண்டு இருந்ததே?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "போனையோ விக்கிறீங்கள்? சேலையோட வைச்சுப் பாருங்கோ அக்கா."

பார்த்தார். "ஓம், அச்சொட்டா அதே நிறம்."

வீட்டுக்கு வந்ததும், "சரியா வந்திட்டுது" என்று, சேலை போய் வெறுமையாகிவிட்ட அந்த எதிர்க் கதிரையிடம் சொன்னேன்.